முழங்காலுக்கு மேலே

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மன்னார்குடியில் ஸ்டுடியோவில் எடுத்தது. முழுக்கைச் சட்டை, கணுக்காலைத் தொடும் வெள்ளை வேட்டி, இடது தோளில் மடித்துப் போட்ட துண்டு, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. எனக்குத் தெரிந்த தாத்தாவுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நான் பார்த்த தாத்தா கோவணத்தில் இருப்பார். தலையில் ஒரு துண்டு, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் தொங்கும் ஒரு சுருக்குப் பை. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு நண்பர்களோடு வரும்போது அவர் வரப்பில் எதிரே வந்தால் நான் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொள்வேன். அது இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வேறு விதமான வெட்கம்.

பொறியியல் படித்து, வேலைக்குப் போய், பெங்களூரில் பத்து வருஷம் கழித்த பிறகு அந்த வெட்கம் நேர் எதிராகத் திரும்பியது. என்னைப் போன்றவர்களுக்கு நேரும் வியாதிதான் இது. வடிவமைப்பு பற்றிப் பேசிப் பேசி, பார்ப்பதை எல்லாம் வடிவமைப்பாகவே பார்ப்பது. கோவணம் ஓர் அற்புதமான வடிவமைப்பு என்று நண்பர்களிடம் அடித்துப் பேச ஆரம்பித்தேன். தையல் இல்லை, முடிச்சு இல்லை, பொத்தான் இல்லை, செலவு இல்லை, சேற்றில் வேலை செய்ய இதைவிடப் பொருத்தமான ஓர் உடையை யாராலும் யோசிக்க முடியாது என்பேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதைப் பாட்டியிடமும் சொன்னேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடலாம்.

பாட்டியின் பெட்டியில் தாத்தாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்று இருந்தது. கைத்தறி, கரை நைந்து போனது. சமையலறைத் தராசில் வைத்தேன். 210 கிராம். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, பிழியாமல், நீர் ஒழுகுவது நின்று சொட்ட ஆரம்பிக்கும் வரை தொங்கவிட்டு மறுபடி நிறுத்தேன். 640 கிராம். அதாவது தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை அந்தத் துணி பிடித்து வைத்திருந்தது. கோவணம் என்பது ஒரு சாண் அகலமும் மூன்று முழ நீளமும் உள்ள ஒரு பட்டை. அந்த அளவுக்கு ஒரு பழைய துணியைக் கிழித்து நிறுத்தால் உலர்ந்தபோது 27 கிராம், நனைந்தபோது 80 கிராம் சொச்சம். ஒப்பிட்டுப் பார்க்க என் ஜீன்ஸையும் முக்கினேன். நனைந்த பிறகு ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது.

ஆனால் எடை பெரிய விஷயம் இல்லை என்று வயலில் இறங்கியதும் தெரிந்தது. சேற்றுழவில் கால் கெண்டைக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை உள்ளே போகும். அடுத்த அடி வைக்க வேண்டுமானால் தொடையை நன்றாக உயர்த்திக் காலை நேர் மேலே உருவ வேண்டும். வேட்டியை எவ்வளவு மடித்துக் கட்டினாலும் அது இரண்டு தொடைகளையும் சேர்த்துச் சுற்றிய ஒரு குழாய்தான். உலர்ந்திருக்கும்போது அந்தக் குழாய் விரிந்து கொடுக்கும். நனைந்தால் தொடையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுக்கும். மடித்துக் கட்டியதால் துணி இரண்டு அடுக்காக இருக்கிறது, அதனால் உலரவும் மாட்டேன் என்கிறது. மாட்டின் பின்னால் மேழியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை நடக்கிறவருக்கு இந்த இழுப்பு ஒவ்வொரு அடிக்கும் கட்டும் வரி. கோவணம் தொடையைத் தொடுவதே இல்லை. அதுதான் அதன் முழு ரகசியமும்.

கட்டும் முறையும் ரொம்ப எளிமை. எல்லாம் அரைஞாண் கயிற்றை நம்பி நிற்கிறது. ஒரு முனையைப் பின்பக்கம் கயிற்றுக்குள் நுழைத்துச் செருக வேண்டும். மறுமுனையைக் கால்களுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, கயிற்றுக்கு உள்ளே கீழிருந்து மேலாக விட்டு இழுத்தால் துணி இறுகி நிற்கும். மிச்சம் இருக்கும் நீளத்தை முன்னால் தொங்கவிடலாம், அல்லது மறுபடி கீழே கொண்டுபோய்ப் பின்னால் செருகிவிடலாம். முடிச்சு எங்கேயும் இல்லை. ஈரத்தில் பருத்தி முடிச்சு இறுகிக் கல்லாகிவிடும், நகத்தால் பிரிக்க முடியாது. செருகலோ நனைந்தால் கயிற்றை நன்றாகப் பற்றிக்கொள்கிறது, வேண்டும்போது ஒரு இழுப்பில் வந்துவிடுகிறது. கயிறு மட்டும் நைந்திருக்கக் கூடாது. பட்டென்று அறுந்தால் எல்லாம் போச்சு. தாத்தா வருஷத்துக்கு ஒரு தரமாவது கயிற்றை மாற்றுவார்.

இந்தத் துணியைக் கடையில் கோவணம் என்று கேட்டு வாங்கியது கிடையாது. துணிக்கு வீட்டில் ஒரு வாழ்க்கை வரிசை இருந்தது. புது வேட்டி திருவிழாவுக்கும் சாவுக்கும். வெளுப்பு மங்கிப் பழுப்பேறியதும் அது வேலைக்கு இறங்கும். நடுவில் கிழிந்தால் கிழியாத ஓரங்கள் கோவணமாகும். அதுவும் நைந்தால் சும்மாடு, அடுப்படியில் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. புதுக் காடாத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும், தொடை இடுக்கை அறுத்துவிடும். நூறு தரம் துவைத்த துணி அப்படிச் செய்யாது. கோவணத்துக்குப் பழைய துணிதான் சரி என்பதில் வறுமையும் இருந்தது, தோலின் நியாயமும் இருந்தது.

கோவணத்தை நிறுத்துப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை. பெரிய புராணத்தில் அமர்நீதி நாயனார் கதை இருக்கிறது. பழையாறையில் துணி வணிகம் செய்தவர். சிவனடியார்களுக்குக் கந்தையும் கீளும் கோவணமும் கொடுப்பதையே தொண்டாக வைத்திருந்தார். கீள் என்றால் கிழித்த துணியை இடுப்புக் கயிறாகக் கட்டிக்கொள்வது. சிவன் ஒரு பிரம்மச்சாரியாக, தண்டில் கோவணத்தைக் கட்டிக்கொண்டு வந்து, அதில் ஒன்றை அவரிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார். திரும்பி வந்து கேட்கும்போது அது காணாமல் போயிருக்கிறது. இருக்கிற கோவணத்துக்குச் சமமான எடையில் துணி கொடுத்தால் போதும் என்று பேச்சு. தராசில் எவ்வளவு துணி வைத்தாலும், பொன்னும் வெள்ளியும் வைத்தாலும் அந்தக் கோவணத் தட்டு மேலே வரவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தானே தட்டில் ஏறுகிறார். பக்திக் கதை என்பதைத் தாண்டி எனக்கு அதில் பிடித்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது கோவணம் ஒரு வணிகர் கொடுக்கிற பொருளாக, அளவும் கணக்கும் உள்ள துணியாக இருக்கிறது என்பது. ஆண்டியின் கோவணத்துக்கு நம்மிடம் எப்போதும் மரியாதை உண்டு. பழனியில் போய்க் கும்பிடுகிறோம். உழுகிறவன் கோவணத்துக்கு அந்த மரியாதை வந்து சேரவில்லை.

கடலில் இதே துணி வேறு காரணங்களுக்காக வேலை செய்தது. நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் என் கல்லூரி நண்பன் ஒருவனின் பெரியப்பா இருக்கிறார். கட்டுமரத்தில் போன கடைசித் தலைமுறை. கட்டுமரத்தைப் படகு என்று நினைத்தால் அந்த உடை புரியாது. அது மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய ஒரு மிதவை. பக்கச் சுவர் இல்லை. மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும். அதனால்தான் அது கவிழ்ந்தாலும் மூழ்காது. அதில் குதிகாலின் மேல் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர் கரையை விட்ட நிமிஷத்திலிருந்து திரும்பும் வரை நனைந்தேதான் இருப்பார். உலர்ந்த உடை என்ற ஒன்றே அங்கே சாத்தியம் இல்லை. ஆகவே கேள்வி எதை உடுத்தினால் நனையாது என்பது இல்லை. நனைந்தபின் எது தொந்தரவு தராது என்பதுதான்.

நான் அவரிடம், “குளிருக்கு ஒரு சட்டையாவது போட்டுக்கலாமே பெரியப்பா?” என்று கேட்டேன்.

“ஈரச் சட்டையா? வெறும் ஒடம்புன்னா காத்து அடிச்சா காஞ்சிடும் தம்பி. சட்ட போட்டவன்தான் வெடவெடன்னு ஆடுவான்” என்றார்.

இது பள்ளி இயற்பியல். நனைந்த துணியில் தேங்கியிருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதற்கான வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். தோலில் உள்ள மெல்லிய நீர்ப்படலம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது காரணம் அலை. கரையோரம் மடங்கி உடையும் அலையைத் தாண்டும்போது மரம் புரள்வது சகஜம். விழுந்தவர் நீந்தி வந்து மரத்தைப் பிடித்து ஏற வேண்டும். வேட்டி தண்ணீரில் விரிந்து காலைச் சுற்றிக்கொண்டால் நீந்துகிற கால் கட்டப்பட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கடலுக்குப் போகும்போது கோவணத்தின் முன் முனையைத் தொங்கவிடாமல் பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிடுவாராம். கரையில் தொங்கவிடுவதில் தப்பில்லை, வலையும் கயிறும் கால்மாட்டில் ஓடும் இடத்தில் தொங்கும் எதுவும் ஆபத்து.

மூன்றாவது உப்பு. வயல்காரனுக்கு இல்லாத பிரச்சினை இது. கடல்நீர் துணியிலேயே உலர்ந்தால் உப்பு இழைகளுக்குள் தங்கிவிடும். கடல் உப்பில் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அதனால் உப்பேறிய துணி எவ்வளவு வெயிலில் போட்டாலும் சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். உலர்ந்தால் உப்புத் தூள் மணல் மாதிரி தொடையை அறுக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் தீரும், கடற்கரைக் கிராமத்தில் நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஒரு சாண் அகலத் துணியை ஒரு செம்புத் தண்ணீரில் அலசலாம். நாலு முழத்தை அலச முடியாது. அரிப்பும் சிவப்புத் தடிப்பும் இடுப்புக் கயிற்றுக்குக் கீழே வட்டமாக வந்தால் வீட்டில் சரியாக அலசவில்லை என்று அர்த்தம் என்று சொல்லிச் சிரித்தார். உள்ளேயிருந்து பெரியம்மா, “ஏன், ஒங்க கை என்னாச்சு?” என்றார்.

கட்டுமரக்காரர்களின் உடையில் தனக்கென்று ஒரு பொருள் சென்னையில் இருந்தது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலை பொங்கும் நாட்களில் மசூலாப் படகுகளே போக முடியாதபோது கட்டுமரக்காரர் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவார். உடம்பில் கோவணம். தலையில் பனையோலையில் கூம்பாக முடைந்த, தண்ணீர் புகாத ஒரு குல்லாய். கடிதம் அதற்குள் இருக்கும். அன்றைய ஆங்கிலேயப் பயணிகள் பலர் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள், பாதி வியப்பும் பாதி நிர்வாணம் பற்றிய முகச்சுளிப்புமாக. எனக்கு அதில் தெரிவது வேறு. உடம்பு முழுக்க நனையலாம், ஒரே ஓர் இடம் உலர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் ஓர் உடை. எதையாவது வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்பது கோவணத்தின் தீராத குறை. தாத்தாவின் சுருக்குப் பையும் அதற்காகத்தான்.

கோவணம் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்றும் இல்லை. அறுப்புக் காலத்தில் தாத்தா கோவணத்தோடு வயலில் இறங்கியதில்லை. நெற்பயிருக்குச் சுணை உண்டு. முற்றிய தாளும் தோகையும் ரம்பம் மாதிரி கீறும், வியர்வை பட்டால் எரியும். அப்போது வேட்டி மடித்துக் கட்டி, ஒரு துண்டை இடுப்பில் இறுக்கி, இன்னொன்றால் தலையையும் காதையும் மூடி முண்டாசு. களத்தில் கதிர் அடிக்கும்போது அதே முண்டாசு பிரிந்து மூக்கையும் வாயையும் மூடும். கட்டுச் சுமக்கும்போது அதையே முறுக்கிச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைப்பார்கள். தண்ணீர் வேலைக்குத் துணி குறைய வேண்டும், காய்ந்த வேலைக்குத் துணி கூட வேண்டும் என்பதுதான் கணக்கு.

பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் கஷ்டம். அவர்களால் துணியைக் குறைக்க முடியாது, கட்டுவதை மட்டும்தான் மாற்ற முடியும். பாட்டி இன்றும் பின்கொசுவம்தான். கொசுவம் முன்னால் வராமல் பின்னிடுப்பில் செருகியிருக்கும், அதன் மேல் மடிப்பு விசிறி மாதிரி வெளியே விரிந்து நிற்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கிகளை இப்போது கடையில் ஆறாயிரம் மடிப்போடு முன்கொசுவம் வைத்து பொம்மைக்குக் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தடித்த பருத்தியும் கட்டங்களும் அகலக் கரையும் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பின்கொசுவத்துக்கானவை. வேலை செய்யும் பெண்ணுக்கு முன்பக்கம்தான் வேலை இடம். குனிவது, குந்துவது, முறத்தை வைப்பது, கதிர்க்கட்டை அணைப்பது எல்லாம் முன்னால். அங்கே துணிக் கற்றை இருந்தால் மிதிபடும், சேற்றில் தோயும். பின்னால் இருந்தால் எட்டி நடக்கும்போது அது விரிந்து கொடுக்கிறது, நின்றால் மூடிக்கொள்கிறது. முன்பக்கம் தட்டையாக இருப்பதால் அதைத் தூக்கிச் செருகினால் ஒரு மடி கிடைக்கும். பருத்தி எடுப்பது, கடலை ஆய்வது, கீரை பறிப்பது எல்லாம் அந்த மடிக்குள்தான்.

நடவில் ஒரு சிக்கல் உண்டு. நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்வார்கள், நட்டதை மிதிக்காமல் இருக்க. பின்னால் தொங்கும் கொசுவம் அப்போது குதிகாலுக்கு எதிரி. அதனால் நடவுக்கு இறங்கும் முன் கீழ்க்கரையை இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகிவிடுவார்கள். செருகல் சரியில்லை என்றால் பத்தாவது முடியை நடும்போது ஒரு பக்கம் அவிழ்ந்து தண்ணீரில் விழும். இரண்டு கையிலும் சேறு. பக்கத்தில் நடுகிற பெண் தன் முழங்கையால் அதைத் தூக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு நிற்காது, பாட்டும் நிற்காது.

இதை எல்லாம் ஒரு பொறியாளனின் உற்சாகத்தோடு சொல்லி முடித்தபோதுதான் பாட்டி கேட்டார்.

“ஏண்டா, அவரு வசதிக்கா கட்டுனாரு?”

நான் சேறு, ஈரம் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“வயலுக்குள்ள கட்டுனது வசதிதான். நா இல்லங்கல. தெருவுக்கு வந்தப்புறம்? வயல்லேர்ந்து கரையேறுனா எறக்கி வுட்டுக்கணும்ல? வுட்டாங்களா?”

தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் அதே பண்ணை. பெரிய தெரு வழியாகப் போகும்போது துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும் அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே வரக் கூடாது. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது பார்த்ததையும் பட்டதையும் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி எங்கள் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றி எழுதிய நூலில், 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். அதில் உடையைப் பற்றியவைதான் அதிகம். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை. இந்த அளவைப் படித்ததும் எனக்குச் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. நான் தராசு வைத்து நியாயப்படுத்திய அதே அளவு. சேறு கேட்கிற அளவை எடுத்துத்தான் சட்டம் ஆக்கியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் துணியைத் தூக்குவது எல்லாச் சாதி உழவர்களும் செய்வதுதான். சொந்த நிலத்தில் இறங்கி உழுகிற குடியானவரும் கோவணம்தான் கட்டினார். வித்தியாசம் கரையேறிய பிறகு தெரியும். அவர் வாய்க்காலில் கால் கழுவி, வரப்பில் வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மடித்துக் கட்டியிருந்தால் பெரியவர் யாராவது எதிரே வரும்போது இறக்கிவிடுவார், அது மரியாதை. மடித்தலும் இறக்கலும் அவர் கையில். என் தாத்தாவின் அப்பாவுக்கு இறக்க அனுமதி இல்லை. வேலை முடிந்த பிறகும் அவர் வேலையுடையிலேயே இருக்க வேண்டும், பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று தெரிய வேண்டும்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தன் சட்டையையும் குல்லாயையும் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ரயில் பயணத்தில் பார்த்த ஏழை ஜனங்களின் நிலை அவரைத் தொட்டது என்பது வரலாறு. அதன் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் மதுரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒன்பது வருஷம் கழித்து, அதே முழங்கால் அளவைத் தாண்டியதற்காகக் குடிசை எரிந்தது. அவர் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அவருடைய உடையின் பெருமை. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் வெறும் துணிதான் மிஞ்சும்.

தஞ்சை மாவட்டத்தில் நாற்பதுகளில் பி. சீனிவாசராவ் முதலானோர் பண்ணையாட்களைச் சங்கத்தில் திரட்டினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. கூலி, அடி என்று பேசப்பட்ட இடத்தில் துண்டு பற்றி எழுதப்பட்டதா என்பதைவிட, சங்கக் கூட்டத்துக்குத் தாத்தா எப்படிப் போனார் என்பது எங்கள் வீட்டில் முக்கியம். பிற்பாடு, இருபது வயதைத் தாண்டிய பிறகு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். திரும்பும்போது பெரிய தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்தாராம். இரண்டாம் மாதம் தெரு வழியாகவே வந்தாராம். நடுவில் என்ன நடந்தது என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டுடியோ படம் அதற்கு அப்புறம் எடுத்தது. சட்டை இரவல்.

அந்தப் படத்தில் வேட்டி இவ்வளவு தாழ்வாக ஏன் இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கணுக்காலைத் தாண்டிக் கிட்டத்தட்ட தரையில் புரள்கிறது. அதைக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்தால் தடுக்கி விழுந்திருப்பார். வயலுக்கு இதைவிடப் பொருந்தாத உடை கிடையாது.

ஆனால் அவர் கடைசி வரை வயலில் கோவணம்தான் கட்டினார். எண்பதுகளில் கைலி எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. குறிஞ்சிப்பாடிக் கைலி, குடியாத்தம் கைலி என்று பாலியெஸ்டர் கலந்தும் கலக்காமலும். வாயைச் சேர்த்துத் தைத்த குழாய் என்பதால் வேட்டி மாதிரி காற்றில் திறந்துகொள்ளாது, நிறமும் கட்டமும் அழுக்கைக் காட்டாது. அப்பா கைலிக்கு மாறினார். சேற்றில் இறங்கும்போது அதற்குள் அரைக்கால் ட்ரவுசர் போட்டு, கைலியை அவிழ்த்து வரப்பில் போட்டுவிடுவார். கடலிலும் இதே கதைதான். ஃபைபர் படகு வந்து பக்கச் சுவரும் இயந்திரமும் வந்ததும் ஆட்கள் முன்னைப் போல நனைவது குறைந்தது, உடம்பில் துணி ஏறியது. இப்போது முழுக்கை டீசர்ட்டும் ட்ரவுசரும்தான் அதிகம். இயந்திரத்தின் சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி கூடாது என்ற பாடம் பழைய கோவணத்தின் பாடம்தான். கதிரடிக்கும் இயந்திரத்திலும் அப்படியே. முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகாமல் அம்மா அதன் பக்கம் போக மாட்டார்.

அம்மா நடவுக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வார். நூறு நாள் வேலையிலும் அதுதான் எல்லாருக்கும். வெயிலும் சுணையும் கையில் படாது, குனிந்தால் முந்தானை விலகுமோ என்ற கவலை இல்லை, மேல் சேறு சட்டையோடு போய்விடும். சட்டை போடக் கூடாது என்ற தடையைப் பட்ட குடும்பத்தில், ஒரு பெண் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய தெரு வழியாக நடந்து வேலைக்குப் போகிறார். அவருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிகிறது.

போன முறை ஊருக்குப் போனபோது, வேலை செய்யும் இடத்தில் கொடுத்த டீசர்ட் நாலைந்து சும்மா கிடக்கிறதே என்று அம்மாவுக்கு எடுத்துப் போனேன். நல்ல துணி, சீக்கிரம் உலரும், எடையே இல்லை என்று சொன்னேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை பாதிதான் இருக்கு. பையும் இல்ல. வெத்தலையும் போனையும் எங்கடா வெக்கிறது? உன் ஆபீஸ் சட்ட பழசு இருந்தா கொண்டா, முழுக்கையா பாத்து.”